செம்புக்கும் வெள்ளிக்கும் இடையே 0.46 வோல்ட்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நோட்டைப் புரட்டினால் மின்வேதியியல் பாடத்தில் ஒரு பக்கம் முழுக்க எண்கள் இருக்கும். இடப்பக்கம் ஒரு வினை, வலப்பக்கம் வோல்ட்டில் ஓர் எண். சில எண்களுக்கு முன்னால் கூட்டல் குறி, சிலவற்றுக்குக் கழித்தல் குறி. மேலே 'திட்ட ஒடுக்க மின்னழுத்தம், 25°C' என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

```
Zn²⁺ + 2e⁻ → Zn     −0.76 V
Fe²⁺ + 2e⁻ → Fe     −0.44 V
2H⁺  + 2e⁻ → H₂      0.00 V
Cu²⁺ + 2e⁻ → Cu     +0.34 V
Ag⁺  +  e⁻ → Ag     +0.80 V
```

இந்த ஐந்தில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரு மின்கலம் கிடைக்கும். அப்படிப் பத்துக் கலங்கள் செய்யலாம். ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட் தரும், எலக்ட்ரான் எந்த உலோகத்திலிருந்து எந்த உலோகத்துக்குப் போகும் என்பதைக் கலத்தைச் செய்து பார்ப்பதற்கு முன்பே இந்தப் பக்கம் சொல்லிவிடும். நாம் செய்யவேண்டியது ஒரே ஒரு கழித்தல்.

பாடநூல்கள் வழக்கமாக இதைத் துத்தநாகமும் செம்பும் கொண்ட டேனியல் கலத்தை வைத்து விளக்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜான் ஃப்ரெடெரிக் டேனியல் 1836இல் அமைத்த கலம் அது. நல்ல உதாரணம்தான். ஆனால் அதை மட்டுமே படித்தவரிடம் ஒரு தவறான புரிதல் தங்கிவிட வாய்ப்பு உண்டு. அங்கே விடை 1.10 வோல்ட். 0.34ஐயும் 0.76ஐயும் கூட்டினாலும் 1.10 வருகிறது. ஆகவே 'இரண்டு எண்களையும் கூட்டினால் போதும்' என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒரு எண் எதிர்க்குறியும் மற்றது நேர்க்குறியும் கொண்டிருந்ததால்தான் அங்கே அது பலித்தது. இரண்டும் நேர்க்குறி கொண்ட ஒரு கலத்தை எடுத்தால் அந்த வழி உடனே பொய்த்துவிடும். செம்பும் வெள்ளியும் அப்படிப்பட்ட ஜோடி. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கலத்தோடேயே போவோம்.

ஒரு வரி சொல்வது என்ன

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரே திசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் உள்ள அயனி எலக்ட்ரானைப் பெற்று வலப்பக்கம் உள்ள பொருளாகிறது. எலக்ட்ரானைப் பெறுவதற்கு ஒடுக்கம் என்று பெயர். இழப்பதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். வரியின் எதிரே உள்ள எண், அந்த அயனி எலக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும் வலுவைக் காட்டுகிறது. எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம். வெள்ளி அயனி, செம்பு அயனியைவிட எலக்ட்ரானை வலுவாக இழுக்கிறது. 0.80, 0.34 என்ற எண்கள் சொல்வது இவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நிறமற்ற வெள்ளி நைட்ரேட் கரைசலில் சுத்தமான செம்புக் கம்பி ஒன்றைச் சுருட்டித் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் கம்பி கறுக்கும். சிறிது நேரத்தில் அதன்மேல் மெல்லிய வெள்ளி ஊசிகள் பஞ்சுபோல் வளரத் தொடங்கும். தெளிந்த நீர்போல் இருந்த கரைசல் மெல்ல மெல்ல நீலமாகும். செம்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு நீல நிற அயனியாகக் கரைகிறது. வெள்ளி அயனி அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. வெள்ளித் தகட்டைச் செம்பு சல்பேட் கரைசலில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எதுவும் நடக்காது.

மின்கலம் என்பது இதே வினைதான். செம்பையும் வெள்ளி அயனியையும் நேரடியாகத் தொடவிடாமல் வெவ்வேறு முகவைகளில் பிரித்து வைக்கிறோம். கைமாற வேண்டிய எலக்ட்ரானுக்குக் கம்பி வழியாக மட்டும் பாதை தருகிறோம். அப்போது அந்த இழுவை, வோல்ட்மீட்டரில் ஓர் எண்ணாகத் தெரிகிறது.

பூச்சியம் எங்கிருந்து வந்தது

செம்பின் இழுவை 0.34 என்றால், எதிலிருந்து 0.34? ஒரே ஒரு முகவையை மட்டும் வைத்துக்கொண்டு அதை அளக்க முடியாது. மீட்டரின் ஒரு முனையைச் செம்புத் தகட்டில் வைத்தால் இன்னொரு முனையை எங்கே வைப்பது? கரைசலுக்குள் விட்டால், அந்த முனையின் உலோகமே கரைசலோடு சேர்ந்து இரண்டாவது மின்முனையாகிவிடும். எப்படி முயன்றாலும் கிடைப்பது இரண்டு மின்முனைகளுக்கு இடையேயான வித்தியாசமே.

ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரி மலை ரயில் 326 மீட்டரில் மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு 2203 மீட்டரில் உதகமண்டலத்தைச் சேர்கிறது. ஏறிய உயரம் 1877 மீட்டர். கடல் மட்டத்துக்குப் பதில் வேறொரு இடத்தைப் பூச்சியம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் இரு பலகைகளிலும் எண்கள் மாறியிருக்கும், 1877 மாறியிருக்காது.

மின்முனைகளுக்கு அந்தக் கடல் மட்டமாக ஹைட்ரஜனை வைத்துக்கொண்டார்கள். நுண்ணிய பிளாட்டினத் துகள் பூசிய பிளாட்டினத் தகடு, அதைச் சுற்றி லிட்டருக்கு 1 மோல் ஹைட்ரஜன் அயனி கொண்ட அமிலம், அதன் வழியே 1 பார் அழுத்தத்தில் குமிழியிடும் ஹைட்ரஜன் வாயு. இதன் மின்னழுத்தம் பூச்சியம் என்பது அளந்து கண்டதன்று. பொதுவாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. 1 மோல் செறிவுள்ள செம்பு அரைக்கலத்தை இதனோடு இணைத்தால் 0.34 வோல்ட் வருகிறது, செம்பு நேர்முனையாக இருக்கிறது. துத்தநாகத்தை இணைத்தால் 0.76 வோல்ட் வருகிறது, ஆனால் துத்தநாகம் எதிர்முனையாக இருக்கிறது. அட்டவணையின் கூட்டல், கழித்தல் குறிகள் இங்கிருந்து வந்தவை. கழித்தல் குறி ஒரு குறைபாட்டைச் சொல்வதில்லை. ஹைட்ரஜன் அயனியைவிட இழுவை குறைவு என்பதையே சொல்கிறது.

கழித்தல்

இனி நம் கலம். இரண்டு வரிகளையும் அருகருகே வையுங்கள். எண் பெரியது வெள்ளி, 0.80. ஆகவே வெள்ளியின் வரி எழுதியபடியே நடக்கும். எண் சிறியது செம்பு, 0.34. ஆகவே செம்பின் வரி திரும்பி நடக்கும். செம்பு எலக்ட்ரானைக் கொடுக்கும்.

```
Ag⁺ + e⁻ → Ag          (பெறுவது)
Cu → Cu²⁺ + 2e⁻        (கொடுப்பது)

E° = பெறும் பக்கம் − கொடுக்கும் பக்கம்
   = 0.80 − 0.34 = 0.46 V
```

அட்டவணையில் உள்ள எண்களை அவற்றின் குறியோடு அப்படியே எடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறோம். வேறொன்றும் இல்லை. டேனியல் கலத்திலும் இதே கழித்தல்தான்: 0.34 − (−0.76) = 1.10. கழித்தல் குறியைக் கழித்ததால் அது கூட்டலாக மாறியது.

சிலர் கொடுக்கும் வரியைத் திருப்பி எழுதும்போதே அதன் குறியையும் மாற்றி, பிறகு கூட்டுவார்கள்: 0.80 + (−0.34) = 0.46. அதுவும் சரி. இரண்டு வழிகளையும் கலப்பதுதான் ஆபத்து. குறியையும் மாற்றி, பிறகு கழிக்கவும் செய்தால் 1.14 வந்துவிடும். ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நிற்பது நல்லது. குறியைத் தொடாமல் கழிப்பது இருப்பதிலேயே பாதுகாப்பான வழி.

பெரியது மேலே இருக்குமா, கீழே இருக்குமா என்ற கேள்விக்கு நிலையான பதில் இல்லை. சில நூல்களில் லித்தியம் முதல் வரியில் இருக்கும், சிலவற்றில் ஃப்ளூரின் முதல் வரியில் இருக்கும். 'மேலே இருப்பது கீழே இருப்பதற்குக் கொடுக்கும்' என்று மனப்பாடம் செய்தவர் வேறொரு நூலைத் திறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இடத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

மிகப் பழைய நூல்களில் துத்தநாகத்துக்கு +0.76 என்றே இருக்கக்கூடும். அவை ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தைத் தந்தவை. ஒடுக்கத் திசையிலேயே குறியிட வேண்டும் என்று 1953இல் ஸ்டாக்ஹோமில் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் வகுத்த பிறகே இப்போதுள்ள முறை நிலைபெற்றது. கையில் உள்ள அட்டவணை எந்த வகை என்று தெரியவேண்டுமானால் துத்தநாகத்தின் குறியை ஒருமுறை பார்த்தால் போதும்.

இரண்டால் ஏன் பெருக்கக்கூடாது

செம்பு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. ஒரு வெள்ளி அயனி ஒன்றைத்தான் வாங்கும். சமன்பாட்டைச் சமன்செய்ய வெள்ளியின் வரியை இரண்டால் பெருக்குகிறோம்.

```
Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag
```

இந்த இடத்தில் பல நோட்டுகளில் 0.80ம் இரண்டால் பெருக்கப்பட்டு 1.60 ஆகி, விடை 1.26 வோல்ட் என்று முடிந்திருக்கும். சமன்பாட்டில் எல்லாவற்றையும் பெருக்கினோமே, இதை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விதியைச் சொல்லி அதை அடைத்துவிடக்கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஒரு மூட்டையைக் கொண்டுபோனாலும் இரண்டு மூட்டையைக் கொண்டுபோனாலும் உயரம் 1877 மீட்டர்தான். இரட்டிப்பாவது அதற்கான வேலை. வோல்ட் என்பது உயரத்தைப் போன்றது. ஒவ்வொரு கூலோம் மின்னூட்டத்துக்கும் எத்தனை ஜூல் ஆற்றல் என்பதே அதன் பொருள். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடினால் மொத்த ஆற்றல் கூடும். ஒவ்வொன்றின் பங்கு மாறாது.

இதைக் கணக்காகவே சரிபார்க்கலாம். 1 மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,485 கூலோம். அதை F என்போம். இரண்டு மோல் வெள்ளி அயனிகள் இரண்டு மோல் எலக்ட்ரான்களைப் பெறும்போது வெளிவரும் ஆற்றல் 2 × 0.80 × F, அதாவது 1.60 F. செம்பிலிருந்து இரண்டு மோல் எலக்ட்ரான்களைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல் 2 × 0.34 × F, அதாவது 0.68 F. மிஞ்சுவது 0.92 F. இதை இரண்டு மோல் எலக்ட்ரான்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மோலுக்கு 0.46 F. பெருக்கிய இரண்டு, வகுத்த இரண்டோடு அடிபட்டுப்போகிறது. அதனால்தான் ஆரம்பத்திலேயே பெருக்காமல் விடலாம். 1 மோல் செம்பு கரையும்போது கிடைக்கும் 0.92 F என்பது சுமார் 89 கிலோஜூல். அந்த எண்ணில் இரண்டு இருக்கிறது, வோல்ட்டில் இல்லை.

எலக்ட்ரான் நடக்கும் வழி

இப்போது கலத்தை மேசையில் அமைப்போம். இடப்பக்க முகவையில் செம்பு நைட்ரேட் கரைசலும் செம்புத் தகடும். வலப்பக்க முகவையில் வெள்ளி நைட்ரேட் கரைசலும் வெள்ளிக் கம்பியும். இரண்டையும் இணைக்க உப்புப் பாலம். பள்ளி ஆய்வகங்களில் பாலத்துக்குப் பொட்டாசியம் குளோரைடு எடுப்பது வழக்கம். இங்கே அது உதவாது. குளோரைடு அயனி வெள்ளி அயனியைச் சந்தித்ததும் வெண்ணிற வெள்ளி குளோரைடாக வீழ்படிந்துவிடும். கரைசலில் வெள்ளி அயனி குறைந்து மீட்டரின் எண்ணும் இறங்கும். பாலத்தின் வலது முனையில் பால்போல் கலங்கல் தெரிந்தால் காரணம் இதுதான். பொட்டாசியம் நைட்ரேட் பயன்படுத்த வேண்டும்.

எலக்ட்ரான் செம்புத் தகட்டில் புறப்பட்டு, கம்பி வழியாக வெள்ளியை அடைகிறது. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணை நோக்கிப் போகிறது என்று நினைவில் வைக்கலாம். வெள்ளியோடு அதன் பயணம் முடிந்தது. கரைசலுக்குள் எலக்ட்ரான் நீந்திப் போவதில்லை. அங்கே நடப்பவை அயனிகள். செம்புப் பக்கத்தில் நேர்மின் அயனிகள் பெருகுவதால் பாலத்திலிருந்து நைட்ரேட் அயனிகள் அங்கே இறங்குகின்றன. வெள்ளிப் பக்கத்தில் நேர்மின் அயனிகள் குறைவதால் பொட்டாசியம் அயனிகள் அங்கே இறங்குகின்றன. பாலத்தைத் தூக்கிவிட்டால் ஓட்டம் அக்கணமே நின்றுவிடும்.

இங்கே தமிழில் படிப்பவர்களுக்கென்றே ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. ஆனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் எழுதிப் பழகியிருக்கிறோம். மின்னாற்பகுப்புக்கு அந்தப் பெயர்கள் பொருந்தும். மின்கலத்தில் பொருந்தா. ஆனோடு என்றால் ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம். நம் கலத்தில் அது செம்பு. எலக்ட்ரான்களை வெளியே தள்ளும் அந்தச் செம்புதான் கலத்தின் எதிர்முனை. 'நேர்மின்வாய்' என்ற சொல்லை நம்பிச் செம்பின்மேல் கூட்டல் குறி போட்டால் எலக்ட்ரானின் திசை தலைகீழாகிவிடும். ஆகவே மின்கலக் கணக்கில் ஆனோடு, கேத்தோடு என்றே எழுதி, எது கொடுக்கிறது, எது பெறுகிறது என்று பார்த்துக் குறியிடுவதே நல்லது.

கலத்தைச் சுருக்கமாக எழுதும்போது கொடுக்கும் பக்கத்தை இடப்புறம் வைப்பது மரபு:

```
Cu | Cu²⁺ || Ag⁺ | Ag
```

ஒற்றைக்கோடு உலோகத்துக்கும் கரைசலுக்கும் இடையேயான எல்லை. இரட்டைக்கோடு உப்புப் பாலம். வலப்பக்க எண்ணிலிருந்து இடப்பக்க எண்ணைக் கழித்தால் 0.46.

மல்டிமீட்டரின் V என்ற துளையில் உள்ள சிவப்புக் கம்பியை வெள்ளியிலும், COM துளையில் உள்ள கறுப்புக் கம்பியைச் செம்பிலும் வையுங்கள். எண் கழித்தல் குறி இல்லாமல் வந்தால் வெள்ளி நேர்முனை என்று உறுதி. கழித்தல் குறியோடு வந்தால் வினை திரும்பவில்லை. நீங்கள் கம்பிகளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

செம்பின் நிலையைக் கவனியுங்கள். டேனியல் கலத்தில் எலக்ட்ரானை வாங்கிய செம்பு, இங்கே கொடுக்கிறது. செம்பு என்றைக்கும் கேத்தோடு என்று ஒன்றில்லை. எதிரே யார் நிற்கிறார்கள் என்பதே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது.

மீட்டர் 0.43 காட்டினால்

அட்டவணையின் எண்கள் லிட்டருக்கு 1 மோல் செறிவுக்கு உரியவை. அந்தச் செறிவில் 1 லிட்டர் வெள்ளி நைட்ரேட் தயாரிக்க சுமார் 170 கிராம் உப்பு வேண்டும். விலையை நினைத்தால் எந்த ஆய்வகமும் அதற்குத் துணியாது, 0.1 மோல் கரைசலைத்தான் எடுப்பார்கள். இரண்டு முகவையிலும் 0.1 மோல் என்று வைத்துக்கொண்டால் என்ன வரும்? வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் தந்த வழி 25°C வெப்பநிலையில் இப்படி அமையும்:

```
E = E° − (0.0591 / n) × log Q
Q = [Cu²⁺] / [Ag⁺]² = 0.1 / 0.01 = 10
E = 0.46 − (0.0591 / 2) × 1 = 0.43 V
```

சமன்பாட்டில் வெள்ளிக்கு முன்னால் நின்ற இரண்டு, இங்கேதான் வேலைக்கு வருகிறது. வெள்ளியின் செறிவுக்கு அடுக்காக. E° என்ற எண்ணில் அதற்கு இடமில்லை, Q என்ற விகிதத்தில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் முன்பு சொன்ன 1.26 தவறு மறுபடி வராது. கலம் ஓட ஓடச் செம்பு அயனி கூடி, வெள்ளி அயனி குறைந்து, Q வளர்ந்துகொண்டே போகும். E பூச்சியத்தைத் தொடும்போது கலம் தீர்ந்துவிட்டது என்கிறோம். அப்போதும் E° 0.46ஆகவே இருக்கும்.

ஆகவே மீட்டர் 0.43 காட்டினால் கலம் சரியாக இருக்கிறது. பூச்சியத்துக்கு அருகில் காட்டினாலோ எண் நிலைகொள்ளாமல் ஆடினாலோ உப்புப் பாலத்தைப் பாருங்கள். பாலக் குழாயின் நடுவே ஒரு காற்றுக்குமிழி நின்றாலே பாதை அறுந்துவிடும்.

அட்டவணை சொல்லாதது

இந்த எண்கள் ஒரு வினை எந்தத் திசையில் போகும் என்று சொல்லும்; எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லா. அலுமினியத்தின் எண் −1.66. செம்பு சல்பேட் கரைசலில் அலுமினியத்தைப் போட்டால், 0.34 − (−1.66), அதாவது 2.00 வோல்ட் உந்துதலோடு வினை பாய வேண்டும். போட்டுப் பாருங்கள், வெகுநேரம் எதுவும் நடப்பதாகவே தெரியாது. அலுமினியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு ஏடு உலோகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதே முகவையில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்தால் குளோரைடு அயனி அந்த ஏட்டை அரித்துவிடும். செம்பு செந்நிறமாகப் படியத் தொடங்கும். அலுமினியத் தகட்டைக் கொண்டு கலம் அமைத்து மீட்டரில் 2.00 வராமல் மிகக் குறைவாக வந்தாலும் முதல் சந்தேகம் அந்த ஏட்டின் மேலேயே விழவேண்டும், உங்கள் கழித்தலின் மேல் அன்று.

இன்னொன்று, வரியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. இரும்புக்கு அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் உண்டு. Fe²⁺ அயனி இரும்பாவதற்கு −0.44. Fe³⁺ அயனி Fe²⁺ அயனியாவதற்கு +0.77. 'இரும்பு' என்ற பெயரை மட்டும் தேடினால் தவறான வரியில் விரல் நிற்கும். எந்த வடிவம் எந்த வடிவமாகிறது என்று இரு பக்கமும் பார்த்த பிறகே எண்ணை எடுங்கள்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் மீதமுள்ள ஒரு ஜோடியை நீங்களே செய்து பாருங்கள்: துத்தநாகமும் வெள்ளியும். எண்களைக் குறியோடு எடுங்கள், எதையும் பெருக்காதீர்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 1.56 வோல்ட் வரும். எலக்ட்ரான் துத்தநாகத்திலிருந்து வெள்ளிக்குப் போகும். அந்த 1.56, டேனியல் கலத்தின் 1.10ம் நம் கலத்தின் 0.46ம் சேர்ந்த தொகை என்பதையும் பாருங்கள். துத்தநாகத்திலிருந்து செம்புக்கு ஒரு படி, செம்பிலிருந்து வெள்ளிக்கு இன்னொரு படி.